இரண்டு மெஷின்கள் வணக்கம் சொல்லிக்கொள்ளும்போது

பேஸ்புக்கில் சும்மா கீழே இறங்கிக்கொண்டு போகிறீர்கள். ஒரு சாரி பிளவுஸ் படம் வருகிறது. கழுத்து வெட்டு நல்லா இருக்கு, கடையும் கண்டிப் பக்கம்தான். படத்துக்குக் கீழே வட்ஸ்அப் பட்டன். தட்டினால் வட்ஸ்அப் திறக்கிறது. மேலே கடையின் பெயர், கீழே எழுதுகிற பெட்டி. அந்தப் பெட்டியில் ஒரு வரி ஏற்கனவே எழுதி இருக்கு:

```
Hello! Can I get more info on this?
```

நீங்கள் ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. அனுப்புகிற அம்புக்குறியை மட்டும் தட்டுகிறீர்கள். அடுத்த விநாடியே பதில் வருகிறது: "வணக்கம் டியர், எங்களைத் தொடர்பு கொண்டமைக்கு நன்றி. உங்களுக்கு நாங்கள் எப்படி உதவலாம்?"

இப்போது யோசித்துப் பாருங்கள். முதல் மெசேஜை எழுதியது நீங்கள் இல்லை. விளம்பரத்தைச் செய்யும்போது மெட்டா நிறுவனம் தானாக வைத்துக் கொடுக்கிற வரி அது. இரண்டாவது மெசேஜை எழுதியது கடைக்காரரும் இல்லை. அவர் என்றைக்கோ சேமித்து வைத்த வரி தானாகப் போயிருக்கிறது. ஒரு மெஷின் "விபரம் வேணும்" என்கிறது, இன்னொரு மெஷின் "என்ன விபரம் வேணும்?" என்கிறது. நடுவில் இருக்கிற மனுஷி, அதாவது நீங்கள், பழைய இடத்திலேயே நிற்கிறீர்கள். பிளவுஸ் தைக்க எவ்வளவு என்று இன்னும் தெரியாது. பாதிப் பேர் இந்த இடத்தில் போனைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நானும் அப்படிப் போகிறவள்தான்.

என்னுடைய கட்சி இதுதான்: விளம்பரத்தில் இருந்து வருகிற ஆளுக்குப் போகிற முதல் தானியங்கிப் பதிலுக்கு வணக்கம் சொல்வது முக்கியமான வேலை இல்லை. பதில் சொல்வதுதான் அதன் வேலை. ஆள் ஏற்கனவே ஒரு படத்தைப் பார்த்து, அதைத் தட்டி, உங்கள் வாசல் வரைக்கும் வந்துவிட்டார். கடைக்குள் வந்து கண்ணாடி அலுமாரியில் இருக்கிற சட்டையைக் காட்டி "இது எவ்வளவு?" என்று கேட்கிறவரிடம் எந்த முதலாளியும் "உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று கேட்கமாட்டார். விலையைச் சொல்லுவார்.

குண்டசாலையில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா வீட்டில் இருந்தே சாரி பிளவுஸ் தைக்கிறார். கண்டி டவுன், திகன, தெல்தெனிய என்று கண்டி–மஹியங்கனை பஸ் ஓடுகிற பாதை முழுக்க அவருக்கு ஆட்கள் இருக்கிறார்கள். சீசன் நேரத்தில் பேஸ்புக்கில் விளம்பரம் போடுவார். "கலைப்பீடத்தில் படிக்கிறதானே, நாலு வரி ஒழுங்கா எழுதித் தா" என்று அந்தப் பதிலை எழுதுகிற வேலையை என்னிடம் தந்தார். அந்த நாலு வரிக்குள் எவ்வளவு விசயம் இருக்கு என்று அப்போதுதான் பார்த்தேன்.

முதலில் காசைப் பார்ப்போம். இந்த வகை விளம்பரத்தில் மெட்டா உங்களுக்குக் காட்டுகிற முடிவு "எத்தனை உரையாடல் தொடங்கியது" என்ற எண்ணிக்கை. எத்தனை பிளவுஸ் தைக்க வந்தது என்று அது காட்டாது. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். 3,000 ரூபாய்க்கு விளம்பரம் போட்டு 40 பேர் மெசேஜ் அனுப்பினார்கள். ஒரு உரையாடலுக்கு 75 ரூபாய், மலிவுதான் என்று தோன்றும். ஆனால் தானியங்கி வணக்கத்தைப் பார்த்துவிட்டு 30 பேர் பேசாமல் போய்விட்டால் உண்மையிலேயே பேசுகிறவர் 10 பேர். அப்போது ஒருவருக்கு 300 ரூபாய். அதில் 4 பேர் துணி கொண்டுவந்தால் ஒரு ஓடருக்கு 750 ரூபாய் விளம்பரத்துக்கே போய்விட்டது. மெட்டாவின் திரையில் கடைசிவரைக்கும் 75 ரூபாய் என்றுதான் இருக்கும். தானாக வந்த அந்த ஆங்கில வரி அந்த எண்ணிக்கையைக் கூட்ட உதவும். அதற்குப் பிறகு நடப்பது கடைக்காரர் பாடு.

அதனால் முதல் திருத்தம் கடையின் பதிலில் இல்லை. வாடிக்கையாளர் வாயில் வைக்கப்படுகிற வரியில்தான். விளம்பரத்தைத் தயாரிக்கும்போது மெசேஜ் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு பகுதி வரும். அதில் அந்த ஆங்கில வரியை அழித்துவிட்டு உங்களுக்கு வேண்டியதை எழுதலாம். நாங்கள் "சாரி பிளவுஸ் தைக்க எவ்வளவு?" என்று போட்டோம். இப்போது வருகிறவர் அனுப்புவது அவர் மனதில் இருக்கிற உண்மையான கேள்வி. விளம்பரம் இல்லாமல் சும்மா ஒரு லிங்க் கொடுக்கிறவர்களும் இதைச் செய்யலாம். `https://wa.me/` என்பதற்குப் பிறகு நாட்டுக் குறியீட்டோடு நம்பரை எழுத வேண்டும். 077 என்று தொடங்குகிற நம்பர் 9477 என்று மாறும், முன்னுக்கு இருக்கிற பூச்சியம் வரக்கூடாது, கூட்டல் குறியும் வேண்டாம். அதன் பின்னால் `?text=` என்று போட்டு, சொற்களுக்கு நடுவில் இடைவெளிக்குப் பதிலாக `%20` வைத்து வரியைச் சேர்த்தால் அதுவும் பெட்டியில் எழுதப்பட்டே வரும்.

அடுத்தது பதில். வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலி 2018 ஜனவரியில் வந்தது. இலவசம்தான், சாதாரண வட்ஸ்அப் மாதிரியேதான் இருக்கும். அதில் Business tools என்கிற இடத்துக்குள் Greeting message என்று ஒன்று இருக்கு. எழுதிவிட்டு ஒன் பண்ணிவிட்டால் போதும். ஆனால் அது எப்போது போகும், யாருக்குப் போகும் என்று தெரியாமல் எழுதினால் பிழைத்துவிடும்.

ஒருவர் முதல்தடவை மெசேஜ் அனுப்பும்போது அது போகும். பிறகு 14 நாள் அவரோடு எந்தப் பேச்சும் இல்லாமல் இருந்து அவர் திரும்ப எழுதினால் மறுபடியும் போகும். போன கிழமை வந்து ஏதோ கேட்டவர் இன்றைக்கு விளம்பரத்தைப் பார்த்து வந்தால் அவருக்கு ஒன்றும் போகாது. "விலை எல்லாம் தானாகப் போகுதுதானே" என்று நம்பி இருந்தால் அந்த ஆள் பதில் இல்லாமல் நிற்பார். அதோடு பதிலை அனுப்புவது அக்காவின் போன்தான். டேட்டா முடிந்து போன் கிடந்தால் தானியங்கிப் பதிலும் போகாது.

யாருக்குப் போக வேண்டும் என்பதையும் தெரிவு செய்யலாம். எல்லாருக்கும் என்று விட்டால் சொந்தக்காரருக்கும் போகும். வீட்டில் இருந்து தொழில் செய்கிறவர்களுக்குக் குடும்பப் போனும் கடைப் போனும் ஒன்றுதானே. ரெண்டு கிழமைக்குப் பிறகு "சாப்பிட்டியா மகள்" என்று கேட்கிற பெரியம்மாவுக்கு பிளவுஸ் விலைப்பட்டியல் போனால் நல்லாவா இருக்கும்? போனில் சேமிக்காத நம்பர்களுக்கு மட்டும் என்று ஒரு தெரிவு இருக்கு. அதைப் போட்டுவிட்டால் இந்தக் கூத்து இல்லை.

இன்னொரு எல்லையும் இருக்கு. இந்த வணக்கப் பதில் ஒரு கணக்குக்கு ஒன்றுதான். அக்கா ஒரே நேரத்தில் பிளவுஸுக்கு ஒரு விளம்பரமும் பாடசாலைச் சீருடைக்கு ஒரு விளம்பரமும் போட்டால் இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் போகும். சீருடை கேட்ட அம்மாவுக்கு பிளவுஸ் லைனிங் விலை வந்தால் குழம்பிப் போவார். விளம்பரத்துக்குள்ளேயே அந்தந்த விளம்பரத்துக்கான வணக்க வரியைத் தனியாக எழுதலாம், விலையை அங்கே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு இடத்திலும் எழுதினால் ஒரே ஆள் இரண்டு வணக்கத்தைப் பார்க்க நேரலாம். எதைச் செய்தாலும் விளம்பரத்தை ஓட விட்டதும் தெரிந்த ஒருவரின் போனில் இருந்து தட்டிப் பார்த்துவிட வேண்டும். வருகிறவருக்கு என்ன தெரிகிறது என்று கடைக்காரரின் போனில் சரியாகத் தெரியாது.

இனி எழுத்து. கடைசியில் நாங்கள் வைத்துக்கொண்ட பதில் இது:

```
வணக்கம். சாரி பிளவுஸ் தைக்க:
லைனிங் இல்லாமல் ரூ. 1,800
லைனிங்கோடு ரூ. 2,400
(துணி உங்களுடையது)
மணி வேலை, எம்பிராய்டரி என்றால்
டிசைன் பார்த்துத்தான் விலை. படம் அனுப்புங்க.
அளவுக்கு, உங்களுக்குப் பொருந்துகிற
பிளவுஸ் ஒன்று கொண்டுவந்தால் போதும்.
இது தானாகப் போகிற பதில். நான் காலை 9
முதல் மாலை 6 வரைக்கும் பார்த்து எழுதுவேன்.
எந்தத் திகதிக்கு உடுத்தணும்?
```

இதில் விலை முதலில் இருக்கிறது, அதற்குத்தான் சண்டையே வந்தது. அக்காவுக்கு விருப்பம் இல்லை. "விலையைப் பார்த்தா ஓடிருவாங்க, பேசினாத்தானே ஆளைப் பிடிக்கலாம்" என்றார். நம் ஊரில் ஒன்லைனில் விற்கிற நிறையப் பேரின் நம்பிக்கை இது. படத்துக்குக் கீழே நூறு பேர் விலை கேட்டிருப்பார்கள், நூறு பேருக்கும் "இன்பொக்ஸ் பண்ணுங்க" என்றுதான் பதில் இருக்கும். ஆனால் விலையைப் பார்த்து ஓடுகிறவர் பத்து நிமிசம் பேசிவிட்டு விலையைக் கேட்டாலும் ஓடத்தான் போகிறார். அந்தப் பத்து நிமிசமும் அக்கா மெஷினில் இருந்து எழும்பி, நூலை விட்டுவிட்டு, எழுதின நேரம். ஓட வேண்டியவர் சீக்கிரம் ஓடுவது இரண்டு பேருக்கும் நல்லது.

கடைகளைப் பொறுத்தவரை இது சும்மா நாகரிகம் மட்டும் இல்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வியாபாரம் செய்கிறவர் தன் இடத்தில் விலையை எல்லாருக்கும் தெரிகிற மாதிரிக் காட்சிப்படுத்த வேண்டும் என்கிறது. வட்ஸ்அப் பெட்டிக்கு அது எப்படிப் பொருந்தும் என்பது சட்டத்தரணிகளின் வேலை. ஆனால் அந்த விதி எதற்காக இருக்கு என்பது எங்களுக்கே விளங்கும். ஆளைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, பேச்சைப் பார்த்து விலை மாறக்கூடாது. புரொபைல் படத்தைப் பார்த்தும் மாறக்கூடாது.

சரி, விலை சொல்லவே முடியாத வேலை இருக்கே என்று கேட்கலாம். இருக்கத்தான் செய்கிறது. கல்யாண பிளவுஸில் மணி வேலை எவ்வளவு என்று பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. அப்போது எதைப் பொறுத்து விலை மாறுகிறது என்பதைச் சொல்லலாம். தொடக்க விலை ஒன்று, அதைக் கூட்டுகிற விசயம் ஒன்று, இந்த இரண்டும் தெரிந்தால் கேட்கிறவர் தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்வார்.

கடைசி வரியைப் பாருங்கள். "எப்படி உதவலாம்?" என்ற கேள்விக்குப் பதில் எழுத ஒரு பந்தி தேவை. "எந்தத் திகதிக்கு உடுத்தணும்?" என்ற கேள்விக்கு இரண்டு எண் போதும். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டே எழுதலாம். அதோடு தையலில் முதலில் தெரிய வேண்டியதும் அதுதான். தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது வருகிறவரிடம் கழுத்து டிசைன் பேசி என்ன பயன்? நாள் காணாது என்றால் அக்கா முதலிலேயே சொல்லிவிடலாம். உங்கள் தொழிலுக்கும் இப்படி ஒரு கேள்வி இருக்கும். கேக் செய்கிறவருக்கு எத்தனை பேருக்கு என்பதாக இருக்கலாம், வாடகை வேன் ஓட்டுகிறவருக்கு எங்கே இருந்து எங்கே என்பதாக இருக்கலாம். ஒன்றே ஒன்று கேளுங்கள். பெயர், முகவரி, அடையாள அட்டை நம்பர் என்று விலையைச் சொல்ல முன்னாலேயே படிவம் நீட்டினால் ஆள் பயந்துவிடும். பயப்படுவதும் நியாயம்தான், அப்படிக் கேட்டு ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பதிலில் இல்லாத ஒன்றையும் கவனியுங்கள். வீட்டு முகவரி இல்லை. இந்தப் பதில் மெசேஜ் அனுப்புகிற யாருக்கும் போகும், ராத்திரி ரெண்டு மணிக்கு அனுப்புகிறவருக்கும் போகும். தனியாக வீட்டில் இருந்து தைக்கிற ஒரு பெண் தன் வாசலை இப்படித் திறந்துவிடத் தேவையில்லை. விளம்பரத்தில் குண்டசாலை என்று இருக்கு, அது போதும். திகதி பேசி, ஆள் யாரென்று விளங்கிய பிறகு அக்கா தானே லொக்கேஷன் அனுப்புவார். ரோட்டோரக் கடை வைத்திருப்பவருக்கு இது தலைகீழ். அவர் மேப் லிங்கை முதலிலேயே போட வேண்டும்.

"இது தானாகப் போகிற பதில்" என்ற வரியை எடுத்துவிடச் சொல்கிறவர்கள் உண்டு, மனுஷர் பேசுகிற மாதிரி இருக்கட்டுமாம். அரை விநாடியில் பத்து வரி எழுதுகிற மனுஷர் யார்? எல்லாருக்கும் தெரிந்துவிடும். மறைப்பதை விட, மனுஷர் எப்போது வருவார் என்று சொல்வதில்தான் மரியாதை இருக்கு. "விரைவில் தொடர்பு கொள்வோம்" என்பதில் நேரமே இல்லை. ராத்திரி கேட்டவர் "காலை 9" என்று பார்த்தால் நிம்மதியாகத் தூங்கப் போவார். ஆனால் எழுதிய நேரத்தைக் காப்பாற்ற வேண்டும். காப்பாற்ற முடியாது என்றால் 10 என்று எழுதுங்கள்.

மொழி பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. கண்டியில் தமிழ் படிக்கிற நாங்கள் பிழையான தமிழ்ப் பலகைகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள். இப்போது அந்தப் பலகை போனுக்குள்ளும் வந்துவிட்டது. "உங்களை தொடர்பு கொண்டதற்கு நன்றி" என்று எத்தனை கடை அனுப்புகிறது! தொடர்பு கொண்டது நான், நன்றி எனக்குச் சொல்ல வேண்டும், வாக்கியம் தலைகீழாக நிற்கிறது. ஆங்கிலத்தை அப்படியே மொழிபெயர்ப்புக்குள் போட்டு எடுத்தது என்று பார்த்தாலே தெரியும். தமிழ் ஆட்களையும் வாடிக்கையாளராக எண்ணி எழுதினவர் ஒரு தடவையாவது சத்தமாக வாசித்துப் பார்த்திருப்பார். "டியர்" என்பதும் அப்படித்தான். முன்பின் தெரியாத ஆளை டியர் என்று சொல்கிற வழக்கம் எங்கள் எந்த வீட்டில் இருக்கு? வருகிறவர் அக்காவா, ஐயாவா, நானாவா என்று மெஷினுக்குத் தெரியாது. அதனால் விளிக்காமலே விடலாம். "அனுப்புங்க", "உங்களுக்கு" என்பதிலேயே மரியாதை வந்துவிடுகிறது.

குண்டசாலையில் அக்காவின் ஆட்களில் சிங்களவர்களும் நிறைய. மூன்று மொழியிலும் ஒரே பதிலில் எழுதினால் அது நீண்டு, பாதியில் வெட்டுப்பட்டு, மீதியைப் படிக்கத் தட்டச் சொல்லும். தட்டமாட்டார்கள். நாங்கள் செய்தது, தமிழ் விளம்பரம் ஒன்று, சிங்கள விளம்பரம் ஒன்று. ஒவ்வொன்றிலும் பெட்டியில் வருகிற கேள்வியும் அந்த விளம்பரத்துக்குள் எழுதிய விலையும் அந்தந்த மொழியில். இரண்டு வணக்கம் போகாமல் இருக்க, விளம்பரம் ஓடுகிற நாட்களில் செயலியின் பொதுப் பதிலைச் சுருக்கி, நேரத்தை மட்டும் இரண்டு மொழியிலும் ஒவ்வொரு வரியாக வைத்தோம். விளம்பரம் இல்லாத நாட்களில் மேலே இருக்கிற முழுப் பதில் திரும்ப வரும்.

பதில் வேலை செய்கிறதா என்று பார்க்கப் பெரிய கணக்கு ஒன்றும் தேவையில்லை. கடைசியாக வந்த 20 உரையாடலைத் திறந்து, தானியங்கிப் பதிலுக்குப் பிறகு வாடிக்கையாளர் எழுதிய முதல் வரியை மட்டும் வாசியுங்கள். அது "விலை எவ்வளவு?" என்றால் பதிலில் விலை இல்லை, அல்லது கண்ணில் படவில்லை. அது "எங்கே இருக்கு?" என்றால் இடம் இல்லை. அங்கே ஒன்றுமே இல்லை என்றால் ஆள் போய்விட்டார், பதிலைத் திரும்ப எழுதுங்கள். ஆனால் அந்தக் கிழமை விளம்பரப் படத்தையும் சேர்த்து மாற்றாதீர்கள். எதனால் மாறியது என்று தெரியாமல் போய்விடும்.

அக்காவின் போனில் இப்போது அந்த இடத்தில் அதிகம் இருப்பது திகதிகள். விலையைப் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் போகிறவர்களும் இருக்கிறார்கள், அதை அக்கா இன்னும் எனக்குச் சொல்லிக் காட்டுகிறார். இருந்தாலும் பதிலில் இருந்து விலையை எடுக்கச் சொல்லவில்லை. போன மாதம் லைனிங் துணி விலை ஏறினதும் முதலில் மாற்றினது அந்த வரியைத்தான்.